சுப்பையா சொன்ன தேதி

சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் சுப்பையாவின் டோபிக் கடை எது என்று தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் சுப்பையா வெள்ளிக்கிழமையில் யாருக்கும் காசு கொடுக்க மாட்டார் என்பது தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. சோப்புத்தூள் கொண்டுவரும் லாரிக்காரர் வெள்ளிக்கிழமை சரக்கை இறக்கிவிட்டு, பில்லை மட்டும் ஆணியில் குத்திவிட்டுப் போய்விடுவார். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார். கேஸ்காரரும் அப்படித்தான். மாதக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் வேலையாட்களுக்கு ஒருநாள் முன்னதாகவே சம்பளம் கிடைத்துவிடும். அதனால் இந்த வழக்கத்தைப் பற்றி அவர்களில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

பத்து காவான் என்ற தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. பிறகு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தார். நாற்பது வயதில் இரண்டு பழைய மெஷின்களை வாங்கிப்போட்டுச் சொந்தக் கடை ஆரம்பித்தார். முதல் வருடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் யாருக்கோ அவசரமாகப் பணம் எண்ணிக் கொடுத்தார். அதே வாரம் டிரையர் தீப்பிடித்து, ஒரு ஹோட்டலின் துண்டுகள் நூற்றுக்குமேல் கருகிப்போயின. குழாயில் பஞ்சு அடைத்திருந்தது என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். சுப்பையா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு மாதம் ஒருமுறை குழாயைச் சுத்தம் செய்தார்; வெள்ளிக்கிழமை காசு கொடுப்பதையும் நிறுத்தினார். எது டிரையரைக் காப்பாற்றியது என்று அவர் ஆராயவில்லை. பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

இப்போது கடையில் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு சின்ன ஹோட்டல்களின் துணியும், கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் துணியும் வருகின்றன. வரவில் பாதிக்குமேல் அந்தப் பெரிய ஹோட்டலிடமிருந்துதான். சங்கடமும் அங்கிருந்துதான் வந்தது.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை மத்தியானம், கணக்கு பார்க்கும் மகள் சுபாஷினி டெலிபோனைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"டிசம்பர் பில்லுக்கு இப்ப காசு இல்லையாம்பா. பெருநாளுக்கு முன்னால கணக்கு மூடிட்டாங்களாம். ஆபீஸ் திறந்த பிறகு, பிப்ரவரி அஞ்சாம் தேதி போடுறோம்னு சொல்றாங்க."

"அஞ்சாம் தேதியா? சம்பளம் இந்த வியாழக்கிழமை போடணுமேம்மா."

"அதான் எனக்கும் தெரியுமே."

பேங்கில் இருந்தது கடை வாடகைக்கும் கேஸுக்கும்தான் காணும். போன மாதம்தான் டிரையருக்குப் புது பர்னர் போட்டிருந்தார்கள். கையிருப்பு அதிலேயே கரைந்துவிட்டது. வட்டிக்காரனிடம் போவதில்லை என்பதில் சுப்பையா பிடிவாதமாக இருந்தார். கடன் கட்டாத வீட்டு வாசல்களில் அவன் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனதை அவர் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி மீனாட்சி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அடகுக்கடையில் கிடைத்த காசில் ஆளுக்கு முந்நூறு வெள்ளி கைச்செலவுக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மிச்சச் சம்பளத்துக்கு ஒரு தேதி சொல்லியாக வேண்டும்.

"கொஞ்ச நாள் தாமதமாகும்னு நோட்டீஸ் எழுதும்மா," என்றார் சுப்பையா.

சுபாஷினி எழுதவில்லை. "கொஞ்ச நாள்னா எத்தனை நாள்பா? நம்ம ஆளுங்களோட வீட்டு வாடகைக்காரனும், மோட்டார் சைக்கிள் தவணைக் கடைக்காரனும் அவங்களைத் தேதி கேப்பாங்க. கொஞ்ச நாள்னா சொல்ல முடியும்? இன்னொண்ணு, மாசம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் போட்டே ஆகணும். அது சட்டம். ஏழாம் தேதின்னு போடுறேன். அஞ்சாம் தேதி வர வேண்டியது ரெண்டு நாள் இழுத்தாலும் நமக்கு இடம் இருக்கும்."

சுப்பையா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "ஏழாம் தேதி வெள்ளிக்கிழமையாச்சே."

"அப்பா..."

"ஆறுன்னு போடு. ஆறாம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"ஒருநாள்தாம்பா இடைவெளி. ஹோட்டல்காரன் லேட் பண்ணிட்டான்னா?"

"அஞ்சுன்னு அவனே சொன்னானே. முருகன் பாத்துக்குவான், எழுதும்மா."

அவள் எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணி தேநீர் நேரத்தில், துணி மடிக்கும் நீள மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் சுப்பையாவுக்கு ஆசை. ஆனால் அவர் வேலை பார்த்த ஹோட்டலில் ஒருமுறை அப்படித்தான் ஒட்டினார்கள். யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் அதைப் படித்துவிட்டு வேலைக்குத் திரும்பியது அவருக்கு மறக்கவில்லை. அதனால் முதலில் வாயாலேயே சொன்னார்; தாளைப் பிறகுதான் ஒட்டினார். எந்த ஹோட்டல், எந்த பில், ஏன் வரவில்லை என்று ஒன்றையும் மறைக்கவில்லை. முந்நூறு வெள்ளி இருந்த உறைகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "மிச்சம் ஆறாம் தேதி. என் வாயால சொல்றேன். இந்தப் பெருநாள்ல நீங்க செய்யற ஓவர்டைம் பிப்ரவரிக் கணக்குல, ஒரு சென் குறையாம வரும்."

சிலர் உறையைப் பிரித்து நோட்டுகளை எண்ணினார்கள்.

வேன் ஓட்டும் யுகேந்திரன்தான் முதலில் வாய் திறந்தான். முப்பத்துநாலு வயது, கடையில் ஆறு வருடம். "சீன முதலாளி எல்லாம் அங்பாவ் உறையில காசு குடுத்துட்டு கடையை மூடுறான். நம்ம முதலாளி கடையைத் திறந்து வச்சிக்கிட்டு நோட்டீஸ் குடுக்குறாரு, லா."

இரண்டு பேர் சிரித்தார்கள். சுப்பையாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணே, உறுதிதானே?" என்று கேட்டாள் ஆசியா பீவி. கடை ஆரம்பித்த இரண்டாம் மாதம் வேலைக்கு வந்தவள், அயன் பிரிவுக்குப் பொறுப்பு. "என் ரூம் வாடகை அஞ்சாம் தேதி குடுக்கணும். மீரா சாகிப் பாய்கிட்ட ஆறாம் தேதின்னு சொல்லிடவா?"

"சொல்லும்மா. ஆறாம் தேதி."

"அப்ப சரி," என்று அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு வார்த்தை சுப்பையாவின் தோளில் உட்கார்ந்துகொண்டது. பத்து நாள் அது இறங்கவில்லை.

பெருநாளில் ஹோட்டல்கள் எல்லாம் நிறைந்தன. துணி மலைமலையாக வந்தது. வேலையாட்கள் ஒருவரும் வேலைக்கு வராமல் நிற்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை. முகம் சுளித்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே மடிக்கும் காமினி பாடவில்லை. யுகேந்திரன் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு டெலிபோனில் பேசினான். கடலுக்கு அப்பால் பிறை என்ற ஊரில் புதிதாகத் திறந்த பெரிய சலவைத் தொழிற்சாலை டிரைவர்களையும் அயன் தெரிந்தவர்களையும் தேடுகிறது என்று சுபாஷினி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தினமும் ஆள் ஏற்ற வேன் அனுப்புகிறார்களாம்.

"ஆசியாவையும் கேட்டிருக்காங்களாம்பா."

"அவ போக மாட்டா."

"நம்ம சொன்ன தேதியில காசு வந்தா போக மாட்டாங்க."

காலையில் பல் விளக்கும்முன் பணம் வந்ததா என்று டெலிபோனைப் பார்ப்பது அவருக்குப் புதுப் பழக்கமாயிற்று. ஹோட்டலில் விடுமுறை என்று தெரிந்தும் பார்த்தார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிவிட்டு, ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, "ஆறாம் தேதி" என்று சொல்லப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐந்தாம் தேதி புதன்கிழமை வந்தது. பணம் வரவில்லை.

சுபாஷினி ஹோட்டல் கணக்குப் பகுதிப் பெண்ணை மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை விஷயம் தெரிந்தது. பணம் அனுப்ப இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். கணக்குப் பகுதிப் பெண் தன் பங்கைப் போட்டுவிட்டாள். இரண்டாவது ஒப்புதல் ஹோட்டல் டைரக்டருடையது. அவர் பெருநாளுக்குப் பிறகு நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துத்தான் ஆபீஸ் திறப்பார். அது வியாழக்கிழமை.

"நாளைக்குக் காலையிலயே போட்டுடுவாராம்பா," என்றாள் சுபாஷினி. அவள் குரலில் இருந்த நம்பிக்கை, முகத்தில் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. இரண்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் சிங்க நடனம், பிறகு விருந்து என்று பதில் வந்தது. நாலே காலுக்குக் கடைசிப் பதில்: டைரக்டர் விருந்தில் இருக்கிறார், சாயங்காலம் வந்து ஒப்புதல் கொடுத்துவிடுவார்.

"அஞ்சு மணி தாண்டிப் போட்டா நாளைக்குத்தான் நம்ம பேங்குக்கு வரும்பா," என்று மெல்லச் சொன்னாள் சுபாஷினி.

சுப்பையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஐந்தடித்தபிறகு அவர்களாகக் கேட்டு, அப்புறம் பதில் சொல்வது ஒன்று; அதற்குமுன் தானே போய்ச் சொல்வது இன்னொன்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கும் மேசைக்குப் போனார். டிரையரை நிறுத்தச் சொன்னார்.

"இன்னிக்குச் சம்பளம் வராது," என்றார். "நான் சொன்ன தேதி தப்பிப்போச்சு. ஹோட்டல்காரன் மேல பழி போட மாட்டேன். ஏழுன்னு போடச் சொன்னா என் பொண்ணு. நான்தான் ஆறுன்னேன். தப்பு என்னுது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுத்துடறேன்."

பிறகு யுகேந்திரன் விரல் விட்டு எண்ணினான்.

"நாளைக்கு என்ன கிழமைண்ணே?"

சுப்பையா சொல்லுமுன் அவனே சொன்னான்.

"வெள்ளிக்கிழமை. நீங்க வெள்ளிக்கிழமை பத்துக் காசு குடுத்து நான் பாத்ததில்ல. அப்ப சனிக்கிழமைன்னு நேரா சொல்லிடுங்களேன். சனிக்கிழமை ஆனா திங்கள்னு சொல்வீங்க, திங்கள் தேர் இழுக்கற நாளு, செவ்வாய் தைப்பூசம். எனக்கு மோட்டார் சைக்கிள் தவணை ரெண்டு மாசம் நிக்குது. எங்கம்மாவுக்கு பால்குடம் வேற."

"தம்பி..."

"கோவம் இல்லண்ணே. கணக்கு சொல்றேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்தான். வேன் சாவியோடு, அதிகாலையில் துணி எடுக்கப் போவதற்காக அவன் ஆறு வருடமாகத் தன்னிடமே வைத்திருந்த கடைச் சாவியும் அதில் இருந்தது. இரண்டையும் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான்.

ஆசியா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தாள். அதுதான் சுப்பையாவை அறுத்தது.

"ஆசியா, திட்டணும்னா திட்டிடும்மா."

"என்னத்தைத் திட்டறதுண்ணே? நீங்க சொன்னீங்க, நான் பாய்கிட்டச் சொன்னேன். இன்னிக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னால கொண்டுவரேன்னு. இப்ப உங்க வாய் பொய்யானா என் வாயும்தானே பொய்யாச்சு."

சுப்பையா செருப்பை மாட்டினார். "வா, நானும் வரேன்."

மீரா சாகிப் சூலியா தெருவில் பணமாற்றுக் கடை வைத்திருந்தார். மேல்மாடி அறைகளில் ஒன்றில்தான் ஆசியா மகனோடு குடியிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெரியவர் இருவரையும் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன சுப்பையா, ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"பாய், ஆசியா உங்ககிட்ட சொன்ன தேதி நான் குடுத்த தேதி. அவ மேல தப்பில்ல. அவ சம்பளம் என்கிட்டதான் நிக்குது. நாளைக்கு வந்துடும்."

மீரா சாகிப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு ஜும்மா. எங்களுக்கு நல்ல நாள்தான். உங்களுக்கு எப்படி? இந்தத் தெருவுல இத்தனை வருஷத்துல வெள்ளிக்கிழமை உங்க கைக்காசு யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"பாக்கலை, பாய்."

"அப்ப நாளைக்குன்னா நான் எதை நம்பறது?"

கேலிதான், ஆனாலும் நியாயமான கேள்வி. பின்னால் நின்ற ஆசியாவும் அதே பதிலுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. ஹோட்டல் டைரக்டர் நல்ல நேரம் பார்த்தார். நானும் நல்ல நாள் பார்த்து ஆறாம் தேதி என்றேன். இருவர் பார்த்த நேரத்துக்கும் இடையில் ஏழு பேர் நிற்கிறார்கள் என்று அவர் மனம் சொல்லியது.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள, பாய்," என்றார். "வெள்ளிக்கிழமையே குடுக்கறேன்."

மீரா சாகிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு கணம் பார்த்தார். "சரி. நாளைக்குப் பாக்கலாம்."

ஆறரை மணிக்கு ஹோட்டலிலிருந்து பணம் அனுப்பிய சீட்டின் படம் சுபாஷினியின் டெலிபோனுக்கு வந்தது. நாளைக் காலை வந்துவிடும். அவள் பெருமூச்சு விட்டாள். மீனாட்சி விடவில்லை.

"வெள்ளிக்கிழமை ஏழு பேர் சம்பளத்தையும் மொத்தமா வெளிய அனுப்பறதா? மறுபடி டிரையர் கிரையர்..."

"பேங்க் பட்டனை நான் அமுக்கறேன்மா," என்றாள் சுபாஷினி. "அப்பா கை படவேணாம். இல்லாட்டி சனிக்கிழமைக்கு ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி வச்சிடலாம். நடு ராத்திரி பன்னிரண்டு தாண்டினதும் போயிடும். ஏழு மணி நேரந்தானே வித்தியாசம்."

சுப்பையா சாமி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழி அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு கணம் மனம் அதில் போய் ஒட்டிக்கொள்ளவும் செய்தது.

"மீனாட்சி," என்றார் கடைசியில். "நம்ம காசை வெள்ளிக்கிழமை குடுக்கக் கூடாதுன்னுதானே வச்சிருக்கோம். இது நம்ம காசில்ல. மாசம் முடிஞ்ச அன்னிக்கே அவங்க காசாயிடுச்சு. அடுத்தவன் லட்சுமியை நம்ம வீட்ல பூட்டி வச்சிக்கிட்டு, விளக்கேத்தினா அவ தங்கவா போறா?"

மறுநாள் காலை மீனாட்சி வழக்கமாக ஏற்றும் விளக்கை விடியுமுன்பே ஏற்றியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வேலைக்கு வந்தார்கள். யுகேந்திரனும் வந்தான். ஆணியிலிருந்து வேன் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போய், துணியைக் கொண்டுவந்து இறக்கி, சாவியை மறுபடி ஆணியில் மாட்டினான். கடைச் சாவி அங்கேயே தொங்கியது. பிறைக்காரர்களுக்கு அவன் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம், காமினி சொன்னாள்.

பத்து மணி ஆயிற்று. சுப்பையா மேசையில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு ஈரத் துண்டை மடித்து, அதை அவிழ்த்து, மறுபடி மடித்தார். பத்தே முக்கால். பதினொன்று ஐந்துக்கு சுபாஷினி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"வந்திடுச்சுப்பா."

அவள் எண்களைப் போட்டு வைத்தாள். கடைசிப் பொத்தானை அமுக்க வேண்டும். அவள் விரலை நீட்டினாள். சுப்பையா அவள் கையை மெல்ல விலக்கினார்.

"யாருது முதல்ல?"

"நீங்களே சொல்லுங்க."

"ஆசியாவுது."

நெற்றியில் திருநீறு வேர்வையோடு இறங்கியது. "முருகா" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். அயன் மேசைப் பக்கம் ஒரு டெலிபோன் கூவியது. ஆசியா பீவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பாதி அயன் செய்த தலையணை உறையை அப்படியே வைத்துவிட்டுச் சூலியா தெருப் பக்கம் வேகமாக நடந்தாள். சுப்பையா அடுத்ததை அமுக்கினார். மேசையைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக டெலிபோன்கள் சத்தம் போட்டன. காமினி "வந்திடுச்சுடி" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

யுகேந்திரன் தன் டெலிபோனை இரண்டு தடவை பார்த்தான். பிறகு சுப்பையாவின் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா தம்பி."

"வெள்ளிக்கிழமை வந்த காசு. இன்னிக்கு நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். மோட்டார்க் கடைக்காரன் நாளைக்குத்தான் வரணும்."

சிரிப்பு மேசை முழுக்கப் பரவியது. இந்தத் தடவை சுப்பையாவுக்கும் வந்தது. யுகேந்திரன் ஆணியண்டை போய் இரண்டு சாவிகளையும் எடுத்தான். கடைச் சாவியை வளையத்தில் கோத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்குக் காலையில அஞ்சரைக்குத் திறக்கறேன்," என்றான்.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, சுபாஷினி சுவரிலிருந்த பழைய தாளைக் கிழித்தாள். அடுத்த மாதத்துக்குப் புதுத் தாள் ஒட்டலாமா என்று கேட்டாள். மார்ச் ஏழாம் தேதியும் வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லவும் செய்தாள்.

"அதுக்கு முன்னாலயே குடுத்துடுவோம்," என்றார் சுப்பையா. கொஞ்சம் யோசித்து, "முடியலைன்னா அன்னிக்கே குடுப்போம். நீ சொல்ற தேதியைப் போடு," என்றார்.

அவள் மாடிக்குப் போனாள். சுப்பையா டிரையர் பக்கம் போனார். கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் குனிந்து, போன வாரம்தான் சுத்தம் செய்த குழாயைக் கழற்றி, உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பஞ்சு இல்லை. ஆனாலும் ஈரத்துணியால் இன்னொரு தடவை துடைத்தார். குழாயை மாட்டிவிட்டு, மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சுற்று முடியும்வரை அங்கேயே நின்றார்.